விழுந்த பிறகு தரையை அடிக்கக் கூடாது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனி வரை வந்து காத்திருக்க என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. இப்படிப்பட்ட என்னைத்தான் பிள்ளைகளுக்கு அடக்கம் சொல்லிக்கொடுக்கத் தேர்ந்தெடுத்தார்கள். றக்வான மலையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்விக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது.

தற்காப்புக் கலையின் ஆரம்பப் பாடத்தை எட்டாம் வகுப்புக்குச் சில வாரங்கள் நடத்திப் பார்க்கலாம் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தார்கள். அதற்கான பயிற்சிக்கு இரத்தினபுரிக்குப் போனேன். அங்கே வந்த ஜூடோ மாஸ்டர் என் தோளுயரம்கூட இல்லாத சிங்களவர். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. காலையிலிருந்து மாலை வரை எங்களை விழவைத்தார். நாங்கள் விழுந்தோம். கணக்குப் படிப்பிக்கிற ஓர் ஐயா விழுந்த இடத்திலேயே கொஞ்சம் தூங்கிவிட்டார். பின்னேரம் மாஸ்டர் எங்களை உட்காரவைத்து, "இந்தப் பாடத்தில் யாரும் யாரையும் தூக்கி எறியப் போவதில்லை. மரியாதையாக நிற்பது, பத்திரமாக விழுவது, வலிக்காமல் தொடுவது, அவ்வளவுதான்" என்றார். இதைக் கற்றுக்கொடுக்க எதற்கு இவ்வளவு அடி வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். றக்வான ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் என் முதுகு தனித்தனியாக வலித்தது.

பாய்கள் கொழுந்து ஏற்றுகிற லொறியில் வந்து சேர்ந்தன. நீலமும் சிவப்புமாக, ஓரத்தில் பல் வைத்த, ஒன்றோடொன்று கோத்துவிடுகிற பாய்கள். பச்சைக் கொழுந்து வாசம் அவற்றை விட்டுப் போகவே இல்லை. தகரக்கூரை போட்ட எங்கள் மண்டபத்தில் விரித்தபோது பிள்ளைகளின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதிபர் மட்டும் ஒரு மூலையைக் கால் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

எங்கள் அதிபர் நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். பள்ளிக்கூடத்துக்குப் புது மணி வாங்கினால், அது கழன்று யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று பழைய மணியையே அடிக்கச் சொல்லுகிறவர்.

"டீச்சர், ஒரு புள்ளைக்கு ஒரு சிராய்ப்பு வந்தாலும் பாயைச் சுருட்டிருவோம். சரிங்களா?" என்றார்.

"சரிங்க சேர்," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

முதல் நாள் ஒழுங்கு விதிகள். நகம் வெட்டியிருக்க வேண்டும். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தோடு, மூக்குத்தி, மோதிரம், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். பாய்க்கு வெளியே செருப்பு, பாய்க்கு உள்ளே வெறுங்கால். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டியிருக்கிற கோயில் கயிறுகள் சாமான்யமானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்த்திக்கடன், ஒவ்வொன்றுக்கும் ஒரு காய்ச்சல், ஒரு பரீட்சை. கழற்றச் சொன்னால் ஊரே என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கடைசியில் கயிறு விரலில் மாட்டாதபடி அதன்மேல் பிளாஸ்டர் சுற்றி ஒட்டினேன். ஒரு பையனுக்கு முழங்கை வரைக்கும் ஒட்ட வேண்டியிருந்தது. பாடம் தொடங்கும் முன்னரே அவனைப் பார்த்தால் பெரிய விபத்திலிருந்து வந்தவன் போல இருந்தான். அதிபர் அந்தப் பக்கம் வந்துவிடாமல் நான் கதவருகே நின்றுகொண்டேன்.

பிறகு அட்டை. எங்கள் பக்கத்து மழைக்கு அட்டைகள் மண்டபத்துக்குள்ளும் சர்வசாதாரணமாக நடமாடும். ஆகவே வகுப்புக்கு முன்னால் பாயைப் பரிசோதிக்க ஒருவர் வேண்டும்: இடைவெளி விட்டிருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, அட்டை இருக்கிறதா என்று பார்க்க. அந்த வேலையை ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தேன். மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல், எதைச் செய்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு செய்கிறவள். அவள் பாயை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்ப்பதைக் கண்டால் தேயிலைத் தொழிற்சாலைக்கு வருகிற பெரிய பரிசோதகர்கள்கூட வெட்கப்பட வேண்டும்.

அடுத்து விழுதல். பின்பக்கமாக விழும்போது முகவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தலை தரையில் மோதாது. முதுகை வளைத்து உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். அதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, முதுகு பாயில் படுகிற அதே நேரத்தில் முழுக் கையாலும் பாயை அடிக்க வேண்டும். விழுகிற வேகத்தில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும். நான் விழுந்து காட்டினேன். 'பட்டார்' என்று சத்தம் வந்தது. எழுந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"விளங்கிச்சா?"

"விளங்கிச்சு டீச்சர்!"

பாயில் உட்காரவைத்து, அப்படியே பின்னால் உருளச் சொன்னேன். வகுப்பு முழுவதும் உருண்டது. சத்தமே இல்லை. எல்லாரும் மல்லாந்து கிடந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் திரும்பி, பாயை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். சிலர் திட்டவும் செய்தார்கள்.

நான் திகைத்துப் போய் நின்றேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால் தாய் ஓடிவந்து முதலில் குழந்தையைத் தூக்க மாட்டாள். தரையை அடிப்பாள். "எங்க புள்ளைய நீ விழுத்துனியா? இந்தா, இந்தா!" குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தரை அடி வாங்குவதை வேடிக்கை பார்க்கும். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மாவும் இதையேதான் செய்வார். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்த விஷயம், விழுந்தால் குற்றவாளி தரைதான் என்பது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்கள் லயத்து வாசலில் இருந்த ஒரு கல் என் பொருட்டு எவ்வளவு அடி வாங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது.

"விழுந்த பிறகு தரையை அடிக்கக் கூடாது! விழும்போதே அடிக்கணும்!" என்று கத்தினேன்.

"அது இன்னும் ஒன்னுமே செய்யலியே டீச்சர்," என்றான் பிளாஸ்டர் பையன். நியாயமான பேச்சுதான்.

அடுத்த வகுப்பும் அதற்கடுத்த வகுப்பும் இதே கதை. உருளுவார்கள், எழுவார்கள், தரைக்குத் தண்டனை கொடுப்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் றக்வான ஆற்றில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இரவெல்லாம் எரிச்சலில் புரண்டதில் ஒரு யோசனை வந்தது.

மறுநாள் எல்லாரையும் பாயில் படுக்கவைத்து, விழாமலே, கையை மட்டும் தூக்கி அடிக்கப் பழக்கினேன். பிறகு உட்கார வைத்தேன். "இங்க பாருங்க. நீங்க விழுந்ததும் ஒங்கம்மா ஓடி வருவாங்க இல்ல? அவங்க வந்து அடிக்கிறதுக்கு முந்தி நீங்களே அடிச்சிரணும். அம்மாவுக்கு மிச்சம் வைக்கக் கூடாது."

அவ்வளவுதான். 'பட்டார்' என்று ஒரே சத்தம். முழு வகுப்பும் ஒரே நேரத்தில். தகரக்கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது, அதுவும் பத்திரமாகத்தான் விழுந்தது. மாஸ்டர் மட்டும் பார்த்திருந்தால் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசியிருப்பார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பின் மந்திரம் அதுதான்: அம்மா வர்றதுக்கு முந்தி!

உட்கார்ந்திருந்து உருண்டவர்கள் குந்தியிருந்து உருளத் தொடங்கினார்கள். கை நன்றாகப் பழகிய பிறகுதான் நின்றபடி விழுவது, அதையும் ஒவ்வொருவராக, நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். எல்லாரையும் விடச் சுத்தமாக விழுந்தவள் பாய்ப் பரிசோதகர்தான். உதட்டைக் கடிக்கக் கூடாது, பல் பட்டுவிடும் என்று சொன்னதும் அதையும் நிறுத்திவிட்டாள். விழுவாள், அடிப்பாள், எழுவாள், வணங்குவாள். அவள் முகத்தில் அப்போது வருகிற சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் அவளைக் கடைசியாக விழச் சொல்வேன்.

எல்லாரையும் விட மோசமாக விழுந்தவன் பிளாஸ்டர் பையன். விழுவதில் குறையில்லை, விழுந்த பிறகுதான் பிரச்சினை. அவனுக்குள் ஒரு நடிகர் இருந்தார். விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, சாவான். எழுந்து வணங்கினால்தான் விழுதல் முடிந்தது என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அவன் செத்து முடிக்காமல் எழ மாட்டான்.

தொடுகை இன்னும் கடினமாக இருந்தது. முகத்தில், தலையில், கழுத்தில் தொடவே கூடாது. கை நீட்டினால் எதிராளியின் தோளுக்கு ஒரு கையகலம் முன்னால் நிறுத்த வேண்டும். முழங்காலில் நின்று ஒருவரையொருவர் மெல்லத் தள்ளிச் சமநிலை பார்க்கும் பயிற்சியில், யாராவது இரண்டு தட்டுத் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மாஸ்டர் பயிற்சியில் அடிக்கடி "ஹெமின், ஹெமின்" என்பார், மெதுவாக, மெதுவாக என்று. அதையே நாங்களும் வைத்துக்கொண்டோம். சில நாட்களில் அந்தச் சொல் பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. பகலுணவு வரிசையில் ஹெமின், படியில் ஹெமின். ஒரு நாள் நான் கரும்பலகையில் கோபமாக எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் "ஹெமின் டீச்சர்" என்றது. யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு தட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அட்டை கடித்தாலும் எங்கள் ஆட்கள் காலில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஆகவே யார் தட்டினாலும் எதிராளி விட்டுவிட்டு, "தோல்வியா, அட்டையா?" என்று மரியாதையாகக் கேட்பார். எதற்காகத் தட்டினாலும் விடுவதுதான் விதி என்பதால் நான் திருத்தவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் காயம் வந்தது. எதில் வந்தது தெரியுமா? வணக்கத்தில்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்க வேண்டும். யார் அதிக மரியாதைசாலி என்று எங்கள் பிள்ளைகளுக்குள் எனக்குத் தெரியாமலே போட்டி தொடங்கியிருந்தது. யார் வேகமாகக் குனிவது, யார் ஆழமாகக் குனிவது. அன்று பாய்ப் பரிசோதகரும் பிளாஸ்டர் பையனும் எதிரெதிரே. இருவரும் முழு மரியாதையோடு ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தேங்காய் உடைந்தது போல ஒரு சத்தம்.

நான் ஓடினேன். பையனுக்கு ஒன்றுமில்லை, அவன் வழக்கம்போலச் செத்துக்கொண்டிருந்தான். அவள் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு புடைத்துவிட்டது. உட்காரவைத்து, ஈரத்துணி வைத்து, கண் தெளிவாகத் தெரிகிறதா, தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஆனாலும் தோட்டத்து வைத்தியர் இருக்கிற மருந்துக்கடைக்கு அனுப்பிக் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு மட்டும் பயம் போகவில்லை. ஏனென்றால் அவள் யாருடைய மகள் என்பது எனக்குத் தெரியும்.

அவளுடைய அம்மா எங்கள் தோட்டத்துப் பெண் தொழிலாளர்களின் மாதர் தலைவி. மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் அந்த அம்மா ஒரு புருவத்தைத் தூக்குவார், தராசு தானே சரியாகிவிடும். பெற்றோர் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மறுநாள் காலையிலேயே மலைக்குப் போகிற உடுப்போடு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடி, அதிபர் அறைக்கு வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், பத்திரமா விழ கத்துக்குடுக்கிறேன்னு சொன்னீங்க. நேரா நின்ன புள்ளைய முட்டவிட்டுட்டீங்களே," என்றார் அந்த அம்மா.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது. அது அதைவிட மோசம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஆளுங்க தெனம் மலையில விழுறாங்க டீச்சர். வழுக்கி விழுறது, கூடையோட விழுறது. போன மழைக்கு நான் விழுந்து ஒரு மாசம் கை தூக்க முடியல. எங்க புள்ளைங்க விழாம இருக்கணும்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறோம். நீங்க இங்கயும் விழ கத்துக்குடுக்கிறீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.  அவர் குரலில் இருந்தது சண்டை அல்ல.

"எம்புள்ள இனி அந்தப் பாயில ஏறக்கூடாது. மத்தவங்க புள்ளைங்களப் பத்தி சங்கக் கூட்டத்துல பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதிபர் என்னைப் பார்த்தார். பாயைச் சுருட்டிவிடுவோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. நான் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாததால் அது மிரட்டுவது போல இருந்திருக்க வேண்டும். "சரி, சரி, கூட்டத்துல புள்ளைங்கள வச்சு செஞ்சு காட்டுங்க. அவங்க வேணாம்னா வேணாம்," என்று ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வணக்கத்துக்குப் புது விதி: ஓர் அடி பின்னால் நகர்ந்து, பிறகு குனிய வேண்டும். பாய்ப் பரிசோதகர் பாயில் ஏறவில்லை. அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் நான் குறுக்கே போக முடியாது. ஆனால் பாய்க்கு வெளியே நின்று பரிசோதிப்பதை யாரும் தடுக்கவில்லையே. அவள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரமாகக் குந்தி, யார் முகவாய் தூக்குகிறார்கள், யார் கையை ஊன்றுகிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விழும்போது அவள் கை இரண்டும் தன்னையறியாமல் காற்றை அடித்தன.  இந்தப் பாடம் நின்றுபோனால் எனக்கு ஒரு பாடம் குறையும், அவளுக்கு என்னவோ பெரிதாகக் குறையும் என்று பட்டது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் அதிபரின் வரவேற்புரை யாருக்கும் கேட்கவில்லை, அதனால் கூட்டம் நன்றாகவே தொடங்கியது. மாதர் தலைவி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பாயின் ஓரத்தில், செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். ஓர் அடி பின்னால். வணக்கம். யாரும் முட்டிக்கொள்ளவில்லை. பெற்றோர் பக்கம் ஒரு சலசலப்பு, தங்கள் வீட்டில் இப்படி நிற்கிற பிள்ளை யாரென்று அவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை போலும். தோளுக்கு முன்னால் நிறுத்துகிற தொடுகையைக் காட்டினோம். இரண்டு தட்டில் விடுவதைக் காட்டினோம். ஒரு பிள்ளை உண்மையாகவே அட்டைக்காகத் தட்டியது, அதையும் மரியாதையாக விட்டார்கள். பிறகு விழுதல். ஒவ்வொருவராக, 'பட்டார்', எழுந்து, வணக்கம். அதிபர் ஒவ்வொரு சத்தத்துக்கும் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்து கொஞ்சம் உட்கார்ந்தார்.

கடைசியில் பிளாஸ்டர் பையன். அவனைக் கடைசியில் போட்டது என் மடத்தனம். இவ்வளவு சபை பார்க்கும்போது அவனுக்குள் இருக்கிற நடிகர் சும்மா இருப்பாரா? நின்றபடி விழுந்தான். அருமையான விழுதல், மண்டபமே அதிர்ந்தது. பிறகு கண்ணை மூடினான். ஒரு காலை இழுத்தான். அசையவில்லை.

"எழும்புடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. அல்லது சாவில் மும்முரமாக இருந்தான்.

முன்வரிசையிலிருந்து மாதர் தலைவி எழுந்தார். அவர் பக்கத்து லயத்துப் பிள்ளை அவன். நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவந்து, ஈரச் செருப்போடு பாயில் ஏறி, அவன் பக்கத்தில் முழங்காலிட்டு, பாயை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"எங்க புள்ளைய விழுத்துனியா? இந்தா! இந்தா!"

செத்துக்கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்தான். "நான் அப்பயே அடிச்சிட்டேன் பெரியம்மா," என்றான்.

 மண்டபம் சிரிப்பில் வெடித்தது. பின்வரிசையில் ஓர் அப்பா பெஞ்சிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார், மிகவும் தவறான முறையில். அதிபர்கூடச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். மாதர் தலைவி ஓங்கிய கையோடு அப்படியே இருந்தார். முகம் சிவந்துவிட்டது. இதோடு முடிந்தது, பாயைச் சுருட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா. செருப்ப கழட்டுங்க."

வீட்டில் அவள் அம்மாவை வா போ என்றுதான் பேசுவாள். இது வேறு குரல், பரிசோதகரின் குரல். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். புருவம் மேலே போனது. மகள் அசையவில்லை. தராசு மாதிரி அல்ல அவள்.

"வெளிய போய் கழட்டி வச்சிட்டு, பாய்க்கு வணக்கம் சொல்லிட்டு வாங்க," என்றாள். 

அந்த அம்மா எழுந்தார். பாயை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றி, மகள் அடுக்கிய வரிசையின் கடைசியில் நேராக வைத்தார். யோசித்து, மூக்குத்தியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. பாயைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஏறி நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் எப்ப டீச்சர் அடிச்சான்? நான் பாக்கல," என்றார்.

"விழும்போதே அடிப்பாங்க," என்றேன். "அந்த அடியிலதான் முதுகும் தலையும் தப்புது. மலையில விழுந்தா கைய ஊனாம இருக்கவும் இதுதான் பழக்கும்."

அவர் தன் வலது தோளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "நீ வா. எனக்குக் காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். "நீங்கதான் ஏறக் கூடாதுன்னீங்க. நீங்களே சொல்லணும்."

"அதான் வான்னு சொல்றேன்ல."

"குந்தியிருந்து மட்டும்," என்று மகளிடம் சொன்னேன். சில வகுப்புகள் விட்டுப்போன பிள்ளை, நின்றபடி விழவிட எனக்கு மனம் வரவில்லை. முதலில் படுத்து இரண்டு முறை கையை மட்டும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

அவள் அம்மாவுக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளிக் குந்தினாள். கைகளை முன்னால் நீட்டினாள். முகவாயை மார்போடு சேர்த்தாள். பின்னால் சாய்ந்தாள்.

அந்த அம்மா பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் மகளின் முதுகு பாயைத் தொடப் போகிற நேரத்தில் அவர் கை தானாக மேலே போய், அதே வேகத்தில் பாயை நோக்கி இறங்கியது. தவழுகிற வயதிலிருந்து இந்தப் பிள்ளைக்காக எத்தனை தரையை அடித்த கை அது. 'பட்டார்' என்று சத்தம் கேட்டது. மகளின் கை. அம்மாவின் கை பாய்க்கு ஒரு விரல் மேலே நின்றுவிட்டது.

நான் பிள்ளைகளிடம் தோளுக்கு ஒரு கையகலம் முன்னால் நிறுத்து என்று எத்தனை வகுப்பில் கத்தியிருப்பேன். இவ்வளவு சுத்தமாக நிறுத்தியவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் அந்தக் கையைத் தாழ்த்திப் பாயை மெல்லத் தடவிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். "மெத்துன்னுதான் இருக்கு," என்றார். "பாவம், இத எதுக்கு அடிக்கணும்?" பிறகு அதிபர் பக்கம் திரும்பி, "பாயச் சுருட்ட வேணாங்க சேர்," என்றார்.

மகள் எழுந்து நின்றாள். நெற்றிப் புடைப்பு வற்றி, இலேசான மஞ்சள் மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வணங்கினால்தான் விழுதல் முடிந்தது என்பதால் அம்மாவும் எழுந்து அவளுக்கு எதிரே நின்றார். மாதர் தலைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல, வணக்கத்துக்கும் நல்ல வேகத்தில் ஆழமாகக் குனியத் தொடங்கினார்.

"ஹெமின்மா," என்றாள் மகள். ஓர் அடி பின்னால் நகர்ந்து, பிறகு அவளும் குனிந்தாள்.